மில்லிலிருந்து வந்தவர்

“வாத்தியாரம்மா, என் நாடகத்துல எல்லாரும் மனசுல இருக்கிறதைத்தான் பேசுறாங்க. பெறகு ஏன் கேக்கிறவங்க சிரிக்கிறாங்க?”

தங்கக்கனி மாவு மில்லின் வாயில் கோதுமையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் வேலாயுதம். பஸ் கண்டக்டராக முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் எழுதிய நாடகங்களை மூன்று தாலுகாவில் கோவில் கொடைத் திருவிழாவில் போடுகிறார்கள். பகலில் மாவு திரிப்பாள். ஓய்ந்த நேரத்தில் எழுதுவாள்.

“சிரிச்சது யாரு அண்ணாச்சி?”

“அப்பன் வேஷம் கட்டுற ஆளே சிரிக்கிறான். இதைச் சொல்ல எனக்கு வாய் வரலைங்கிறான்.”

“கொண்டாங்க.”

அவர் நோட்டை நீட்டினார். அது ஆறாவது தடவை எழுதியது. நாடகம் மேடையேற வேண்டிய கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

*

காட்சி இதுதான். ஒரு மகள் அப்பன் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். ஆறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்கு வருகிறாள். அப்பன் இருக்கிறான். அம்மா இருக்கிறாள்.

தங்கக்கனி வாசித்தாள்.

மகள்: அப்பா, உங்கள் மனதை நோகடித்துவிட்டேன். தினம் தினம் உங்களை நினைத்து ஏங்கினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அப்பன்: மகளே, கோபத்தில் உன்னைத் தள்ளி வைத்தேன். உன்னை நினைத்து அழாத நாளில்லை.

அம்மா: இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன்.

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதுல மகள் எங்க?”

“இந்தா, முதல் வரியே அவதான.”

“இது நீங்கல்ல பேசுறீங்க. அவ என்ன சொல்லணும்னு நீங்க ஆசைப்படுறீங்களோ, அதை அவ வாயில வச்சிருக்கீங்க.”



வேலாயுதத்துக்கும் ஒரு மகள் உண்டு. சங்கரவடிவு. ஜெபராஜ் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போனபோது, தெருவே பார்க்க, “எனக்கு மகளே இல்லை” என்று சொன்னவர் அவர். அதற்கப்புறம் மனைவி செத்தபோதுகூட வடிவு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அதே ஊரில்தான் இருக்கிறாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

கொடைக்கு ஊர் முழுக்க வரும். வடிவும் வருவாள். மேடையில் நிற்கிற அப்பன் பேசுவதைக் கேட்பாள். கேட்டால் வீட்டுக்கு வருவாள்.

இதற்காகத்தான் அவர் எழுதினார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தங்கக்கனியும் கேட்கவில்லை.

*

நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “வாசிங்க,” என்றாள்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். அவள் ஸ்விட்சைத் தட்டினாள். மோட்டார் ஓடியது. தரையே அதிர்ந்தது.

அவர் நிறுத்தினார். வாசிங்க என்று கையைக் காட்டினாள். அவர் கத்தி வாசித்தார். தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. வாசித்து முடித்தார். அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

“இப்ப என்ன நடந்துச்சு?”

“மகள் மன்னிப்புக் கேட்டா.”

“எனக்குக் கேக்கலையே. கண்ணால பாத்தா என்ன நடந்துச்சு?”



“மூணு பேர் நின்னாங்க.”

“கை?”

“கை சும்மா தொங்குது.”

“ஒரு வீட்டுல, ஆறு வருஷம் கழிச்சு வந்த மகள் முன்னால, யாரு கையாவது சும்மா தொங்குமா அண்ணாச்சி?”

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

இரண்டு நாள் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

“பேச்சைக் குறைச்சுட்டேன். நிறையக் குறைச்சுட்டேன்.”

அவள் பார்த்தாள்.

மகள் (கண் கலங்கி, தழுதழுத்த குரலில்): நல்லா இருக்கீங்களா?

அப்பன் (உள்ளே பாசம் பொங்க, வெளியே கோபத்தைக் காட்டி): இருக்கேன்.

அவள் காதிலிருந்த பேனாவை எடுத்தாள். அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக அடித்தாள்.

“ஏன் வாத்தியாரம்மா? அது இல்லாட்டி நடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

“வாசல் வழியா அனுப்பினதைக் கொல்லை வழியாக் கூட்டியாந்துட்டீங்க.”

“அப்ப என்ன செய்ய?”

“அவளை எதையாவது எடுக்கச் சொல்லுங்க. எதையாவது வைக்கச் சொல்லுங்க. அழச் சொல்லாதீங்க.”

மிளகாய் வத்தல் திரிக்க ஒரு கூட்டம் வந்தது. அன்றைக்கு அதற்குமேல் பேச முடியவில்லை. எல்லாரும் தும்மினார்கள். அவரும் தும்மினார். யாரோ, “அண்ணாச்சி அழுவுறாக,” என்று கேலி செய்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

*

மறுபடி வந்தார். இந்தத் தடவை முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

“பிடிபட்டுருச்சு. யாரும் மனசுல இருக்கிறதைச் சொல்லவே இல்லை. மூணு பேரும் மழையைப் பத்தித்தான் பேசுறாங்க.”

“பூராவும் மழையா?”

“பூராவும்.”

தங்கக்கனி திரும்பிப் பார்த்தாள். கோமு அரிசி திரிக்கக் காத்திருந்தாள். அடுத்த தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவள். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாத வாய்.

“கோமு, கொஞ்சம் கேளு.”

வேலாயுதம் வாசித்தார். இந்த வருஷம் மழை தள்ளிப்போச்சு என்றான் அப்பன். வரும்னு நினைச்சோம் என்றாள் அம்மா. மேகம் கூடித்தான் இருக்கு என்றாள் மகள். இரண்டு பக்கத்துக்கு மழை.

கோமு முடியும்வரை கேட்டாள்.

“இவங்க யாரு? விவசாயம் பாக்கிறவங்களா?”

“இல்லம்மா. அப்பனும் மகளும்.”

“பெறகு எதுக்கு மழைக்கு இந்தப் பாடு படுறாங்க?”

வேலாயுதம் நோட்டை மூடினார். சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

“என்னால முடியல வாத்தியாரம்மா. சொன்னாச் சிரிக்கிறாங்க. சொல்லாட்டிப் புரியலைங்கிறாங்க.”

*

தங்கக்கனி அவருக்கு எதிரே இன்னொரு சாக்கில் உட்கார்ந்தாள். அவளும் களைத்திருந்தாள். புருவத்தில் மாவு படிந்திருந்தது.

“அப்பனுக்கு என்ன வேணும்?”

“மகள் வரணும்.”

“அவதான் வந்துட்டாளே. அந்த மத்தியானம், அந்த ஒரு மணி நேரத்துல அவனுக்கு என்ன வேணும்?”



“ராத்திரி தங்கணும். அவ அந்த வீட்டுல ஒரு ராத்திரி தூங்கணும்.”

“கேக்க வேண்டியதுதான?”

“எப்படிக் கேப்பான்? இந்த வாசலை மிதிக்காதேன்னு சொன்னவன் அவன்தான. எட்டுப் பேர் நின்னாங்க. அத்தனை பேருக்கும் இப்ப அவன் தலை குனியணுமே.”

“மகளுக்கு என்ன வேணும்?”

“அப்பன் வாயால இருன்னு சொல்லணும்.”

“ஏன் அவளே, இருக்கேன்னு சொல்லக் கூடாது?”

“சொல்லி, அவன் சும்மா இருந்துட்டான்னா?”

“அம்மாவுக்கு?”

“ரெண்டும் வேணும். ஆனா ஒரு வார்த்தை கூடிட்டா சண்டை ஆகிரும்னு பயம். அதனால அவ பேசமாட்டா. வேலை செஞ்சுக்கிட்டே இருப்பா. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவா.”

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். அதை எங்கேயிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“இதைப் பாக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிருங்க. மகள் வர்றதுக்கு முந்தின காட்சியிலேயே. வாசலை மிதிக்காதேன்னு அவன் சொன்னதைத் தெரிஞ்சுக்கட்டும். எட்டுப் பேர் நின்னதைத் தெரிஞ்சுக்கட்டும்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவங்களுக்குத் தெரியும். மேடையில நிக்கிறவங்கதான் மறைக்கணும்.”

“மழையை வச்சு மறைச்சேனே.”

“மூணு பேரும் ஒரே மாதிரி மறைக்கிறாங்க அண்ணாச்சி. வீட்டுல அப்படியா? ஒருத்தன் கேலி பேசுவான். ஒருத்தி வேலையில புகுந்துக்கிருவா. ஒருத்தி கேட்டதுக்குப் பதில் சொல்லாம வேறொண்ணு கேப்பா. அந்த வீட்டுல அன்னிக்கு உள்ள சாமானைப் பத்திப் பேசுவாங்க. வானத்தைப் பத்திப் பேசமாட்டாங்க.”

கோமு தன் அரிசியை நகர்த்தி வைத்தாள். “எங்க வீட்டுல என் மாமியா என்னை ஒண்ணும் சொல்லமாட்டா,” என்றாள். “ஆட்டைத்தான் ஏசுவா. இந்தச் சனியன் வந்த நாள்லேருந்து தின்னுட்டே இருக்குன்னு.”

“ஆடு என்ன சொல்லும்?”

“ஆட்டுக்குப் புரியாது. எனக்குப் புரியும்.”

வேலாயுதம் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

தங்கக்கனி அந்தப் பக்கத்தைக் கிழித்தாள்.

“அது அவ வீட்டு ஆடு. உங்களுக்கு உதவாது.”

*

மில் ஓரத்தில் ஒரு வெள்ளை டின் இருந்தது. அவள் அதை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“பெல்ட் அந்துபோற மாதிரி இருக்கு. மாத்தணும். நான் நகர முடியாது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க.”

“எங்க?”

“ரயில்வே கேட்டு தாண்டி. பச்சை கேட்டு போட்ட வீடு.”

வேலாயுதம் டின்னைப் பார்த்தார். மூடியில் பெயிண்டால் ஜெ என்று எழுதியிருந்தது.

“வேற ஆள் இல்லையா?”

“யாரு இருக்கா?”

“சாயங்காலம் அவங்களே வந்து எடுத்துக்கிட மாட்டாங்களா?”

“சத்துமாவு. பிள்ளைக்கு. சூட்டோட டின்னுல கிடந்தா வாடை அடிச்சிரும்.”

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் குனிந்துவிட்டாள்.

பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. கோமுவுக்கு அது தெரிந்தது. அவள்கூட ஒன்றும் சொல்லவில்லை.

வேலாயுதம் டின்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். முடிச்சுப் போட அவருக்கு நேரமானது.

*

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாக்கில் உட்கார்ந்தார்.

“கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு.”

“என்ன பேசினீங்க?”

“ஒண்ணும் பேசல. மாவைப் பத்தித்தான்.” கொஞ்சம் பொறுத்து, “நீங்க நினைச்சு அனுப்பினது நடக்கல,” என்றார்.

“நான் என்னத்தை நினைச்சேன். மாவு போய்ச் சேந்தாச் சரி.” அவள் நோட்டைத் திறந்து வெறும் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். “எழுதுங்க.”

“எதை?”

“மாவைப் பத்திப் பேசினதை. முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச ஆளு. யாரு எந்த ஸ்டாப்புல என்ன சொன்னான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒண்ணையும் சேர்க்காதீங்க. ஒண்ணையும் விடாதீங்க.”

“அதுல ஒண்ணுமில்லையே.”

“இல்லாட்டிப் போகுது.”

அவர் எழுதினார். சலிப்போடுதான் எழுதினார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினார்.

எழுதி முடித்ததும் அவள் அதைக் கையில் எடுத்தாள். கோமுவின் அரிசியைத் திரித்து முடித்தாயிற்று. ஆனால் கோமு போகவில்லை.

“கோமு, இதையும் கேளு. ஒரு அப்பன். மகள் பிடிக்காத கல்யாணம் பண்ணிட்டான்னு, எனக்கு மகளே இல்லைன்னு தெருவுல வச்சுச் சொன்னவன். ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இன்னிக்கு மாவு டின்னைத் தூக்கிட்டு அவ வீட்டுக்குப் போறான். அவ்வளவுதான். இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

வாசித்தாள். குரலை ஏற்றாமல், இறக்காமல் வாசித்தாள்.

மகள்: யாரு?

அப்பன்: மில்லுலேருந்து. டின் கொடுத்து விட்டாங்க.

மகள்: அவங்க வரலியா?

அப்பன்: பெல்ட் மாத்துறாங்க.

மகள்: உள்ள வச்சிருங்க.

அப்பன் டின்னை உள்ளே வைக்கிறான். கால் வாசப்படிக்கு வெளியில.

மருமகன்: வாங்க. உக்காருங்க. மில்லுக்காரம்மா பெரிய ஆளையெல்லாம்ல வேலைக்கு வச்சிருக்காங்க.

அப்பன்: ரிட்டயர்டு ஆனவனுக்கு என்ன வேலை.

மருமகன் நாற்காலியைத் துண்டால துடைச்சுப் போடுறான். அப்பன் உள்ளே வந்து உக்காருறான்.

பேத்தி: யாரும்மா இவங்க?

மகள்: மில்லுலேருந்து வந்திருக்காங்க.

பேத்தி: பேரு என்ன?

மகள்: மாவு சூடா இருக்கே.

அப்பன்: இப்பத்தான் திரிச்சது. பேப்பர்ல கொட்டி ஆற விடணும்.

மகள்: தெரியும். எங்கம்மா சொல்லித் தந்திருக்காங்க.

அப்பன்: பொட்டுக்கடலையை அவ கடைசியிலதான் சேப்பா.

மகள்: நானும் கடைசியிலதான் சேத்திருக்கேன்.

மருமகன்: இது ஒண்ணுதான் பிள்ளை குடிக்கிறா. வேற எதைக் கொடுத்தாலும் துப்பிருவா.

அப்பன்: அவ அம்மாவும் சின்னதுல அப்படித்தான்.

யாரும் பேசல.

மகள்: ஷைனி, பேப்பர் எடுத்துட்டு வா.

மகள் மாவைக் கொட்டி விரலால பரத்துறா. ஏற்கெனவே பரத்தின இடத்தையே மறுபடி பரத்துறா. மருமகன் ஃபேன் போடப் போறான்.

அப்பன்: வேண்டாம். மாவு பறக்கும்.

ஃபேன் போடல. எல்லாருக்கும் வேர்க்குது. யாரும் எழுந்திரிக்கல.

மகள்: தண்ணி?

அப்பன்: வேண்டாம். போற வழியில குடிச்சுக்கிடுவேன்.

மகள் உள்ளே போய்த் தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வைக்கிறா. அப்பன் குடிக்கிறான்.

அப்பன்: வர்றேன்.

மகள்: அடுத்த வியாழக்கிழமை தீந்துரும். மறுபடியும் திரிக்கணும்.

அப்பன்: மில்லுல சொல்றேன்.

இதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. அப்பன் (மனதுக்குள்): ஒருதரம் அப்பான்னு கூப்பிட மாட்டாளா. தங்கக்கனி பேனாவை எடுத்து அதை அடித்தாள். இரண்டு தடவை அடித்தாள்.

வேலாயுதம் பார்த்தார். தடுக்கவில்லை.

*

கோமு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பாவம்,” என்றாள்.

“யாரு?”

“அந்தப் பிள்ளைதான். பேரு என்னன்னு கேக்குதே. அதுக்கு அவ என்ன சொல்லுவா? தாத்தான்னு சொல்லி, இந்த மனுசன் இல்லைன்னுட்டா?”

வேலாயுதம் தலையைத் தூக்கினார்.

“நான் எதுக்கு இல்லைன்னு சொல்லப்போறேன்?”

“முன்னாடி சொல்லியிருக்கீங்களே. மகளே இல்லைன்னு. நானா சொன்னேன்?”

அவள் அதற்குள் நாடகத்தையும் ஆளையும் ஒன்றாக்கிவிட்டிருந்தாள். அதை அவளிடம் யாரும் திருத்தவில்லை.

“அந்த டின்னு எவ்வளவு பிடிக்கும்?” என்று கோமு கேட்டாள்.

“நாலு கிலோ,” என்றாள் தங்கக்கனி. “நாந்தான எடை போட்டேன்.”

“பிள்ளைக்கு எத்தனை வயசு?”

“அஞ்சு இருக்கும்,” என்றார் வேலாயுதம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அந்த வயதை அவர் இன்றைக்குத்தான் கண்ணால் அளந்திருந்தார்.

“அஞ்சு வயசுப் பிள்ளை. ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்பூனு கரைப்பாங்க. நாலு கிலோ எங்க வீட்டுல ரெண்டு மாசம் வரும். எப்படிய்யா அடுத்த வியாழக்கிழமை தீரும்?”



மில்லுக்கு வெளியே ஒரு பஸ் நின்று போயிற்று. விசில் சத்தம் கேட்டது. வேலாயுதம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வாத்தியாரம்மா,” என்றார். “இதுக்கு முந்தி அந்த டின்னை யாரு எடுத்துட்டுப் போவா?”

“அவளேதான். ஸ்கூட்டியில வருவா.”

“மாசத்துக்கு எத்தனை தரம்?”

“ரெண்டு மாசத்துக்கு ஒருக்க.”

அவர் நோட்டை வாங்கினார். கடைசி இரண்டு வரியை மறுபடி வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தன் வரியின்மேல் விரலை வைத்தார்.

“மில்லுல சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேனே.”

“ஆமா.”

“அவ கதவுப் பக்கம் நின்னுக்கிட்டேதான் இருந்தா. நான் சைக்கிளைத் திருப்பிட்டேன்.”

“அதை எழுதலையே.”

“அது முக்கியமாத் தெரியல.”

அவள் பேனாவை நீட்டினாள். அவர் எழுதினார். மகள் கதவுப் பக்கமே நிக்கிறா. எழுதி முடித்ததும் பேனா அங்கேயே நின்றது.

“இந்த இடத்துல அப்பன் என்ன சொல்லணும் வாத்தியாரம்மா? மகளேன்னு கூப்பிட்டா?”

“அவ என்ன செய்வா?”

அவர் கண்ணை மூடிப் பார்த்தார்.

“உள்ள போயிருவா. கதவைச் சாத்திருவா. அழுறதை நான் பாக்கக் கூடாதுன்னு.”

“சரி.”

“மன்னிச்சிருன்னு சொன்னா?”

“என்ன செய்வா?”

“இத்தனை வருஷம் எங்க போயிருந்தீங்கன்னு கேப்பா. கேட்டா நான் என்ன சொல்ல?”

“சரி.”

“அப்ப என்னதான் சொல்றது? சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாமல்ல இருக்கு.”

தங்கக்கனி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்து திரிக்க வேண்டிய கேழ்வரகை மில் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் மோட்டாரை ஓட விடுவதற்கு முன்னால் அப்படிக் கும்பிடுவாள்.

“மில்லுல சொல்றேன்னு சொல்லிட்டு வந்தீங்கள்ல?”

“ஆமா.”

“மில்லுல சொல்லியாச்சு. மில்லு என்ன சொல்லுச்சுன்னு அங்க போய்ச் சொல்ல வேண்டாமா?”

“மில்லு என்ன சொல்லுது?”

“வாரா வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து தர ஆள் போட்டாச்சு. வியாழக்கிழமை வரும்னு சொல்லுங்க.”

“ஆளா? யாரைப் போட்டீங்க?”

அவள் அவரைப் பார்த்தாள்.

கோமு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தங்கக்கனி அவள் தலையில் அரிசிமாவுப் பாத்திரத்தை ஏற்றிவிட்டாள்.

வேலாயுதம் எழுந்தார். நோட்டை மூடிச் சாக்கின்மேல் வைத்தார். கடைசி வரி எழுதாமலே இருந்தது. சட்டை முழுக்க மாவு. தோள்பட்டையிலும் மாவு. கையால் தட்ட ஆரம்பித்தார்.

இரண்டு தட்டுத் தட்டியவர், நிறுத்திக்கொண்டார்.

மாவு அப்படியே இருக்க, சைக்கிளை ரயில்வே கேட்டுப் பக்கம் திருப்பினார்.